படத்தில் இருந்தது, அறையில் இல்லை

திங்கட்கிழமை காலை 8 மணி தாண்டியிருக்கும். நான் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவமனையில் வெளிநோயாளர் பதிவு கவுன்டரில் டோக்கன் அச்சாவது நின்றுவிட்டது. முதலில் பிரின்டர் என்று நினைத்தோம். ஐந்து நிமிடத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்தும் மருந்தகத்திலிருந்தும் போன் வந்தபோதுதான் விழுந்திருப்பது மொத்த சாஃப்ட்வேரும் என்று புரிந்தது.

ஒப்பந்ததாரர் ஒப்படைத்த கோப்பில் கட்டமைப்பு வரைபடம் ஒன்று இருந்தது. ஏ3 தாளில் வண்ணத்தில் அச்சிட்டு, லேமினேட் செய்து, சர்வர் அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தோம். மேலே லோடு பேலன்சர், அதன் கீழே இரண்டு அப்ளிகேஷன் சர்வர்கள், அதற்கும் கீழே முதன்மை டேட்டாபேஸ், பக்கத்திலேயே 'ஸ்டாண்ட்பை' என்று எழுதிய இன்னொரு டேட்டாபேஸ். முதன்மை விழுந்தால் அதன் இடத்தில் உடனே எழுந்து நிற்க வேண்டியது இந்த ஸ்டாண்ட்பை. அதைத்தான் தேடத் தொடங்கினேன். நாற்பது நிமிடம் தேடினேன். அப்படி ஒன்று எங்குமே இல்லை.

உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது. எழுத இடம் இல்லாததால் டேட்டாபேஸ் நின்றுபோனது. டிஸ்க்கை நிரப்பியது, தினமும் இரவு டேட்டாபேஸை முழுதாகப் பிரதி எடுத்து அடுக்கிக்கொண்டே வந்த ஒரு வேலை. பழைய பிரதிகளை அது அழிக்கவில்லை. அந்த வேலையைப் பற்றி வரைபடத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது.

இல்லாததை இருப்பதாகக் காட்டி எங்களை அலையவிட்ட படம், இருந்ததை மறைத்தும் வைத்திருந்தது. அன்று மாலையே ஒப்பந்ததாரருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதை ஒழுங்காக எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. ஏன் அவ்வளவு நாள் ஆனது, அதற்குள் என்ன கற்றுக்கொண்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் வரைவும் அதன் ஓட்டையும்

நான் முதலில் எழுதியது மூன்றே வரி. தாங்கள் கொடுத்த வரைபடம் தவறானது, நிறுவிய அமைப்போடு பொருந்தவில்லை, சரியான வரைபடத்தை உடனே அனுப்பவும். எங்கள் நிர்வாக அலுவலரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் பல வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். படித்துவிட்டுப் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டார்.

"ஏம்மா, இதை அனுப்பினா அவங்க என்ன செய்வாங்க? ரெண்டு சர்வரை ஒண்ணா மாத்தி, ஸ்டாண்ட்பையை அழிச்சிட்டுப் புதுப் படம் அனுப்புவாங்க. நீயும் சரின்னு வாங்கிப்பே. அப்புறம் அந்த ஸ்டாண்ட்பைக்கு நாம குடுத்த காசை யார்கிட்ட கேக்கறது?"

கட்டட வேலையில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் ஒரு வரைபடம் இருக்கும். வேலை நடக்கும்போது தண்ணீர்க் குழாய் இரண்டடி தள்ளிப் போகும், மின் இணைப்பு வேறு சுவர் வழியாக வரும். எல்லாம் முடிந்த பிறகு, எது எங்கே எப்படி அமைந்ததோ அதை அப்படியே காட்டும் இன்னொரு வரைபடத்தை ஒப்பந்ததாரர் கொடுக்க வேண்டும். 'ஆஸ் பில்ட் டிராயிங்' என்பது அதுதான். பத்து வருடம் கழித்துச் சுவரில் துளை போடுகிறவர் அதைப் பார்த்துத்தான் போடுவார். முதல் வரைபடத்தையும் யாரும் கிழித்துப் போட மாட்டார்கள். பேசியது என்ன, கட்டியது என்ன என்று பார்க்க இரண்டும் வேண்டும்.

சாஃப்ட்வேருக்கும் இதே கணக்குதான் என்பது அவர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. உள்ளதை உள்ளபடி காட்டும் படம் வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. ஒப்புக்கொண்டதில் எது வரவில்லை என்பது வேறொரு கோரிக்கை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால், முதலாவது நிறைவேறும்போது இரண்டாவதும் தீர்ந்துபோனதாக ஆகிவிடும்.

எது உண்மை என்று நாமே பார்ப்பது

அடுத்த குறை, என் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. 'பொருந்தவில்லை' என்று சொன்னால் எங்கே பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். எனவே படத்தின் ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு அம்புக்குறியையும் சர்வரோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பெட்டி என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று. அம்பு என்றால் ஒன்று இன்னொன்றோடு பேசுவது. இரண்டையும் சர்வரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கண்ணால் எண்ணுவது போதாது. அறையில் ஒரே ஒரு சர்வர்தான் இருந்தது என்றாலும், ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்ட முடியும். அதனால் அது மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் பெட்டியா என்று முதலில் பார்த்தோம். இல்லை, அதில் இருந்தது ஒரே ஒரு இயங்குதளம். பிறகு, இந்தச் சர்வரில் எந்தெந்த நிரல்கள் எந்தெந்தப் போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருக்கின்றன என்று கேட்டோம்:

```
sudo ss -tlnp
```

விடையில் நான்கு நிரல்கள் வந்தன. 443இல் வெப் சர்வர், 8000இல் அப்ளிகேஷன், 5432இல் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், 6379இல் ரெடிஸ். படத்தில் தனித்தனி இயந்திரங்களாக வரைந்திருந்தவை எல்லாம் ஒரே இயந்திரத்தில் இருந்தன. லோடு பேலன்சர் என்று எழுதிய இடத்தில் இருந்தது, வரும் கோரிக்கைகளை வாங்கி ஒரே ஒரு அப்ளிகேஷனுக்கு அனுப்பும் வெப் சர்வர். பகிர்ந்து கொடுக்க இரண்டாவது ஆள் இல்லாதபோது அதை லோடு பேலன்சர் என்று சொல்ல முடியாது. ரெடிஸ் என்பது அடிக்கடி தேவைப்படும் தகவலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் நிரல். டோக்கன் வரிசை முழுவதும் அதில்தான் இருந்தது. அது படத்திலேயே இல்லை.

அடுத்து ஸ்டாண்ட்பை. தன்னிடமிருந்து தகவலை வாங்கிக்கொண்டிருக்கும் நகல்கள் எவை என்பதை முதன்மை டேட்டாபேஸ் ஒரு பட்டியலாக வைத்திருக்கும்:

```
SELECT client_addr, state FROM pg_stat_replication;
```

ஒரு வரிகூட வரவில்லை. இதை மட்டும் வைத்து ஸ்டாண்ட்பை கிடையாது என்று எழுதிவிடக் கூடாது. அந்த நேரத்தில் நெட்வொர்க் அறுந்திருந்தாலும் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். நேரடித் தொடர்பு இல்லாமல், பதிவுக் கோப்புகளை அவ்வப்போது அனுப்பி நகலை வளர்க்கும் முறையும் உண்டு. அதனால் மூன்று நாள், வெவ்வேறு நேரங்களில் பார்த்தோம். பதிவுக் கோப்புகளைச் சேமித்து அனுப்பும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று `SHOW archive_mode;` கொடுத்துக் கேட்டோம். `off` என்று வந்தது. அதன் பிறகுதான் உறுதியாக எழுதினோம்.

கடைசியாக, தானாக ஓடும் வேலைகள். வரைபடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இவைதான். திரையில் தெரியாது, யாரும் பட்டனைத் தட்டுவதில்லை, இரவில் ஓடிவிட்டுப் போய்விடும். அப்ளிகேஷன் பயனரின் பெயரில் தேடியபோது இது கிடைத்தது. வெளி முகவரியை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்:

```
30 1 * * * /opt/app/bin/dump.sh && rsync -a /var/dumps/ support@203.0.113.24:/in/
```

தினமும் அதிகாலை 1:30க்கு டேட்டாபேஸ் முழுவதையும் பிரதி எடு, பிறகு அதை இந்த வெளி முகவரிக்கு அனுப்பு என்பது இதன் பொருள். முன்பாதி எங்கள் டிஸ்க்கை நிரப்பியது. பின்பாதியைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நோயாளிகளின் பெயர், போன் எண், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் ஒவ்வோர் இரவும் மருத்துவமனைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. விசாரித்ததில் அது ஒப்பந்ததாரரின் உதவிப் பிரிவு வைத்திருந்த சர்வர். சோதனைக் காலத்தில் பிழை பார்ப்பதற்காகப் போட்ட ஏற்பாடு, எடுக்காமல் விட்டுவிட்டார்கள். திருடும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில், நமக்காக வேறொருவர் தகவலைக் கையாண்டாலும் பொறுப்பு நம்முடையது. படத்தில் அந்த அம்பு இருந்திருந்தால் முதல் நாளே யாராவது கேட்டிருப்போம்.

இந்த ஏற்பாட்டை அன்றே நிறுத்தச் சொல்லித் தனிக் கடிதம் அனுப்பினோம். நோயாளிகளின் தகவல் வெளியே போவதை நிறுத்த, வரைபடம் திருத்தப்படும் வரை காத்திருக்க முடியாது.

படம் எப்படிப் பொய்யாகிறது

கடிதத்தின் தொனியை மாற்றியது ஒரு போன் பேச்சு. சாஃப்ட்வேரை நிறுவ வந்திருந்த இளைஞரை அழைத்து, ஸ்டாண்ட்பை எங்கே தம்பி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மேடம், அந்தப் படம் டெண்டருக்குப் போட்டது. நான் வரும்போது ஒரு சர்வர்தான் வந்திருந்தது. ரெண்டாவது அப்புறம் வரும்னாங்க. நான் இருந்த வரைக்கும் வரல. படத்தை மாத்தணும்னு யாரும் சொல்லல மேடம்."

பெரும்பாலும் நடப்பது இதுதான். படம் வரைகிறவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர், நிறுவ வருபவர் மூன்றாமவர். வேலை நடக்கும்போது எடுக்கும் ஒவ்வொரு சிறு முடிவும் சர்வரில் பதிகிறது. படத்தில் பதிவதில்லை. கடைசி நாள் ஆவணங்களைக் கட்டும்போது, கையில் இருக்கும் டெண்டர் படத்தின் மேல் தேதியை மட்டும் மாற்றி வைத்துவிடுகிறார்கள். எங்கள் படத்தில் 'பதிப்பு 1.0' என்று இருந்தது. இரண்டாவது பதிப்பே வராத படம், வேலை தொடங்கும் முன் வரைந்த படமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

இது தெரிந்த பிறகு, ஏமாற்றிவிட்டீர்கள் என்ற தொனியில் எழுதிய வரிகளை எல்லாம் அடித்தேன். கடிதம் முதலில் போய்ச் சேர்வது ஒரு திட்ட மேலாளரிடம். அவர் அதை, எங்கள் ஊருக்கே வராத ஒரு பொறியாளரிடம் தள்ளிவிடுவார். அந்தப் பொறியாளர் உட்கார்ந்து வேலையைத் தொடங்க என்ன தேவையோ, அது கடிதத்தில் இருக்க வேண்டும்.

அனுப்பிய கடிதம்

முகவரி, எண்கள் நீங்கலாகக் கடிதத்தின் சாரம் இது:

> பொருள்: மென்பொருள் அமைப்பு – ஒப்படைக்கப்பட்ட கட்டமைப்பு வரைபடம் நிறுவப்பட்ட அமைப்புடன் பொருந்தாமை – திருத்திய வரைபடம் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: 1. பணி ஆணையில் ஆவணங்கள் ஒப்படைப்பு பற்றிய பிரிவு. 2. தாங்கள் ஒப்படைத்த கட்டமைப்பு வரைபடம், பதிப்பு 1.0.
>
> ஐயா,
>
> பார்வை 2இல் கண்ட வரைபடத்தை, தற்போது இயங்கிவரும் அமைப்புடன் ஒப்பிட்டதில் கீழ்க்கண்ட வேறுபாடுகள் காணப்பட்டன. ஒவ்வொன்றையும் கண்டறிந்த முறையும் திரை நகல்களும் இணைப்பில் உள்ளன.
>
> அ) லோடு பேலன்சரும் இரண்டு அப்ளிகேஷன் சர்வர்களும் காட்டப்பட்டுள்ளன. இயங்குவது ஒரே சர்வர். டேட்டாபேஸும் அதிலேயே உள்ளது.
>
> ஆ) ஸ்டாண்ட்பை டேட்டாபேஸ் காட்டப்பட்டுள்ளது. மூன்று நாட்கள் சோதித்ததில் அத்தகைய இணைப்பு எதுவும் இல்லை.
>
> இ) டோக்கன் வரிசைக்குப் பயன்படும் ரெடிஸ் வரைபடத்தில் இல்லை.
>
> ஈ) தினசரி இரவுப் பிரதியும், அது வெளிச் சர்வருக்கு அனுப்பப்பட்டு வந்ததும் வரைபடத்தில் இல்லை.
>
> எனவே, இக்கடிதம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள், இன்றைய நிலையில் உள்ளதை உள்ளபடியே காட்டும் திருத்திய வரைபடத்தை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வோர் அம்பிலும் தொடர்பைத் தொடங்குவது யார், எந்தப் போர்ட் வழியாக, என்ன தகவல் செல்கிறது என்பன குறிக்கப்பட வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே செல்லும் தொடர்புகள் அனைத்தும் தனி நிறத்தில் இருக்க வேண்டும். இனிமேல் நிறுவப்படவுள்ளவை புள்ளிக் கோட்டில் மட்டுமே இருக்க வேண்டும். பிடிஎஃப் கோப்புடன், திருத்தக்கூடிய மூலக் கோப்பும் தேவை.
>
> பெறப்படும் வரைபடம், இணைப்பில் உள்ள அதே சோதனைகளால் சரிபார்க்கப்பட்ட பின்னரே ஏற்கப்படும்.
>
> திருத்திய வரைபடத்தைக் கோருவதோ பெறுவதோ, பணி ஆணையில் குறிப்பிட்டுள்ளவற்றில் வழங்கப்படாதவற்றை நாங்கள் விட்டுக்கொடுத்ததாகப் பொருள்படாது. அவை குறித்துத் தனியே எழுதுகிறோம்.

கடைசிப் பத்தி நிர்வாக அலுவலர் சேர்க்கச் சொன்னது. கடிதத்தில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதே என்றார்.

மூலக் கோப்பைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால், நாளைக்கு நாம் ஒரு சர்வரைச் சேர்த்தாலும் படத்தில் அதைச் சேர்க்க வழியில்லை. ஆறு மாதத்தில் புதுப் படமும் பழைய படம் போல ஆகிவிடும்.

அம்பில் 'தொடங்குவது யார்' என்று கேட்டதை அதிகப்படி என்று சிலர் நினைக்கலாம். அறிக்கைத் திரை டேட்டாபேஸைக் கேட்கிறதா, டேட்டாபேஸ் அறிக்கையை அனுப்புகிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஃபயர்வாலில் எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்பது முடிவாகும். இரு பக்கமும் முனை போட்ட அம்பு இந்த ஒரு கேள்விக்கும் விடை சொல்லாது.

வந்த பதில்கள்

எட்டாம் நாள் ஒரு படம் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஒரே சர்வர் என்று சரியாக மாற்றியிருந்தார்கள், ரெடிஸும் சேர்ந்திருந்தது. ஆனால் ஸ்டாண்ட்பை அப்படியே முழுக்கோட்டில் நின்றது. பெயர் மட்டும் 'டிஆர் டேட்டாபேஸ்' என்று மாறியிருந்தது. அதே சோதனையை மறுபடி ஓட்டினோம். பட்டியல் அப்போதும் காலி. இணைப்பில் ஆ) குறிக்கு எதிரே 'ஏற்கப்படவில்லை' என்று எழுதி, அன்றைய திரை நகலோடு திருப்பி அனுப்பினோம். ஒரு பத்தி விளக்கம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை. ஆதாரத்தோடு எண்ணிட்டுக் கேட்டதன் பயன் அங்கே தெரிந்தது.

இரண்டாவது படத்தில் பெட்டிகள் முதல் படத்தை விடக் குறைவு. ஸ்டாண்ட்பை புள்ளிக் கோட்டில் இருந்தது. வெளியே போன சிவப்பு அம்பின் மேல், அது நிறுத்தப்பட்ட தேதியை எழுதியிருந்தார்கள். அதற்குப் பதிலாக, பிரதிகளை எங்கள் கட்டடத்திலேயே வேறொரு டிஸ்க்குக்கு அனுப்பி 14 நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்கும் ஏற்பாடு, ஓடும் நேரத்தோடு படத்தில் இடம்பெற்றிருந்தது. எஸ்எம்எஸ் அனுப்பும் வெளிச் சேவைக்கு ஓர் அம்பும் இருந்தது. அதை நாங்கள் கேட்கவில்லை, எங்கள் சோதனையிலும் தப்பிவிட்டிருந்தது. உள்ளதை உள்ளபடி வரைய ஒருவர் உண்மையாகவே உட்கார்ந்தால், நாம் கேட்காததும் வெளியே வரும்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. எங்கள் சர்வரில் ஓடுவதைத்தான் அவை காட்டும். எஸ்எம்எஸ் சேவைக்குள் போன எண்கள் அங்கே எத்தனை நாள் இருக்கின்றன என்பதை எந்தக் கட்டளையும் சொல்லாது. அதை எழுதித்தான் கேட்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலை, மாத நடுவில் உள்ள இணைப்புகளைப் பார்க்கும்போது தென்படாது. அதனால் சோதனைகளை மாதக் கடைசி நாளன்று இன்னொரு முறை ஓட்டினோம். புதிதாக எதுவும் வரவில்லை.

இணையப் பாதுகாப்புச் சம்பவம் நடந்தால், தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறை. அந்த 6 மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தை இல்லாத சர்வரைத் தேடிக் கழிக்க எங்களால் இனி முடியாது.

புதிய படம் இப்போது சர்வர் அறைக் கதவில் இருக்கிறது. பழையதை எடுத்துக் கசக்கப் போனேன். நிர்வாக அலுவலர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் 'பணி ஆணைப்படி' என்று எழுதி, பணி ஆணைக் கோப்பில் வைத்துக் கட்டினார். ஸ்டாண்ட்பை வந்து சேரும் வரை அந்தப் படமும் எங்களுக்கு வேண்டும்.